கணக்குக்குள் இருப்பது நீங்கள்தானா: புது ஃப்ரீலான்சர்களுக்கும் ஆன்லைன் வியாபாரிகளுக்கும்

கணக்கு முடங்குவது ஒரு பயம், ஹேக் ஆவது இன்னொரு பயம் என்று புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். நான் பார்த்த வரைக்கும் நிறைய நேரம் இரண்டும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. இப்போது இந்தக் கணக்குக்குள் இருப்பது யார் என்று தளத்துக்குச் சந்தேகம் வருகிற இடம் அது. திருடன் நுழைந்தால் தளத்தின் கண்ணில் படுவது என்ன? வேறு நாடு, புது கம்ப்யூட்டர், எழுதுகிற நடையில் மாற்றம், திடீரென்று மாறுகிற வங்கி விவரம். சார்ஜாவில் இருக்கிற அண்ணன் உதவி செய்யத்தான் நுழைகிறார் என்றாலும் கண்ணில் படுவது அதே விஷயங்கள்தான். அண்ணனையும் திருடனையும் பிரித்துப் பார்க்க அதற்கு வழியில்லை.

இது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரொம்பவே பொருந்தும். கருங்கல், குளச்சல், மார்த்தாண்டம் பக்கம் நிறைய வீடுகளில் ஒரு ஆள் வளைகுடாவில் இருப்பார், வீட்டில் இருக்கிற தம்பியோ தங்கச்சியோ லேப்டாப்பில் வேலை செய்துகொண்டிருப்பார்கள், குடும்பத்துக்குள் பாஸ்வேர்ட் கைமாறுவதை யாரும் தப்பாக நினைப்பதில்லை.

ஒரு கணக்கு எப்படி முடங்கியது என்று பார்ப்போம்

எனக்குத் தெரிந்த ஒரு பெண், கருங்கல் பக்கம். ஒரு ஃப்ரீலான்ஸ் தளத்தில் லோகோவும் பாட்டில் லேபிளும் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார், வேலை நன்றாகப் போனது. கிளையன்ட் ஒருவர் வீடியோ காலில் பேச வேண்டும் என்று கேட்டதும் இவருக்கு ஆங்கிலத்தில் பேசத் தயக்கம். சார்ஜாவில் இருந்த அண்ணன், "மக்கா, நீ பாஸ்வேர்டை அனுப்பு, நான் பேசிக்கிடுதேன்" என்று சொல்லி அங்கிருந்தே லாகின் செய்தார். அங்கே சில ஆப்களில் கால் சரியாகப் போகாது என்பதால் அவருடைய போனில் ஏற்கெனவே ஒரு விபிஎன் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் தளத்துக்கு அவர் ஐரோப்பாவில் இருப்பது போலத் தெரிந்தது. அதே நேரத்தில் இங்கே தங்கச்சியும் லாகினில் இருந்தார். அன்று ராத்திரியே அடையாளத்தை உறுதிப்படுத்தச் சொல்லி மெயில் வந்தது.

இதோடு நின்றிருந்தால் கூடச் சமாளித்திருக்கலாம். உறுதிப்படுத்தப் போனபோது கணக்கில் இருந்த பெயரும் அடையாள அட்டையில் இருந்த பெயரும் ஒத்துப்போகவில்லை. பயந்துபோய், அம்மா பெயரில் அதே லேப்டாப்பில் இன்னொரு கணக்கு திறந்தார்கள். ஒரே கம்ப்யூட்டர், ஒரே இணைப்பு, அதே போர்ட்ஃபோலியோ படங்கள். இரண்டு கணக்குமே போய்விட்டன.

இதில் மூன்று தவறு இருக்கிறது: பாஸ்வேர்டைக் கொடுத்தது, பெயர் ஒத்துப்போகாமல் விட்டது, பயந்து இரண்டாவது கணக்கு திறந்தது. மூன்றுமே தவிர்க்கக் கூடியவை.

முதல் வேலை, பெயர்

கணக்கு திறப்பதற்கு முன்னாடியே ஆதார், பான், வங்கி பாஸ்புக் மூன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ்ப் பெயர்களுக்கு இனிஷியல்தான் பிரச்சினை. ஆதாரில் "அஜிதா எம்" என்று இருக்கும், பான் கார்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும் என்பதால் "அஜிதா மரியதாஸ்" என்று வந்திருக்கும், வங்கியில் "எம் அஜிதா". நமக்கு மூன்றும் ஒரே ஆள். படத்தைப் படித்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற மென்பொருளுக்கு மூன்று பேர்.

என் யோசனை, பான் கார்டில் இருக்கிற பெயரை அப்படியே கணக்குக்கு வையுங்கள். வரி விவரமும் பணம் வருகிற வழியும் பானோடுதான் சேர்கின்றன. வங்கிப் பெயரையும் முடிந்தால் அதற்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளுங்கள், கிளைக்குப் போய் ஒரு விண்ணப்பம் கொடுக்கிற வேலைதான். பாஸ்போர்ட் இருந்தால் அதில் பெயரும் குடும்பப் பெயரும் தனித்தனிக் கட்டத்தில் அச்சாகி இருக்கும், வெளிநாட்டுத் தளங்களின் படிவத்துக்கு அது வசதியாகப் பொருந்தும், ஆனால் அது பானோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்கேன் எடுக்க பிரவுசிங் சென்டருக்குப் போனால் வேலை முடிந்ததும் அவர்கள் கம்ப்யூட்டரில் இருந்தும் வாட்ஸ்அப்பில் இருந்தும் அந்தப் படத்தை அழிக்கச் சொல்லி, அழித்ததைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

அடுத்தது மெயில், அதற்கப்புறம்தான் தளம்

எல்லாரும் அப்வொர்க், ஃபைவர், அமேசான் கணக்குக்குப் பூட்டுப் போடுவதில் குறியாக இருக்கிறார்கள். "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று அழுத்தினால் இவற்றின் சாவியெல்லாம் போய் விழுகிற இடம் உங்கள் ஜிமெயில். அதனால் இரண்டு கட்ட லாகினை முதலில் அங்கே போட வேண்டும்.

myaccount.google.com போய் Security பகுதியில் 2-Step Verification என்பதைத் திறங்கள். எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வருகிற வழியைக் காட்டும். அதோடு நிறுத்திவிடாமல் Authenticator என்பதையும் சேருங்கள். திரையில் ஒரு க்யூஆர் வரும், போனில் இருக்கிற ஆதென்டிகேட்டர் ஆப்பால் அதை ஸ்கேன் செய்தால் 30 நொடிக்கு ஒருமுறை மாறுகிற 6 இலக்க எண் வர ஆரம்பிக்கும். இதற்கு நெட்வொர்க்கே வேண்டாம். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் சிக்னலுக்காக மொட்டை மாடி ஏறுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. எண் சரியாக இருந்தும் ஏற்கவில்லை என்றால் போனின் நேரம் தானாக அமைகிற மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள், நேரத்தைக் கையால் மாற்றி வைத்திருந்தால் எண் பொருந்தாது.

அப்புறம் Backup codes. கூகுள் 10 எண்கள் தரும், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒன்றை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். பேனாவால் ஒரு தாளில் எழுதி, ஆதார் ரேஷன் கார்டெல்லாம் இருக்கிற அலமாரியில் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைத்தால் போன் தொலைகிற அன்று அதுவும் சேர்ந்து போய்விடும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆதென்டிகேட்டர் ஆப் எண்களை உங்கள் கூகுள் கணக்கிலேயே சேமித்துவைக்க முடியும். வசதிதான், ஆனால் ஜிமெயிலைத் திறக்க வேண்டிய எண்ணே ஜிமெயிலுக்குள் மாட்டிக்கொள்கிற நிலைமை அதில் வரலாம். அந்த நேரத்தில் அந்தத் தாள் ஒன்றுதான் வெளியே இருக்கும். போன் மாற்றுகிறீர்களா, பழைய போனை ரீசெட் செய்வதற்கு முன்னால் புது போனில் எண் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்கு நம்ம ஊரில் ஒரு தனிக் காரணம் இருக்கிறது. வளைகுடாவில் இருந்தபோது அங்கத்து எண்ணில் கணக்கு திறந்திருப்பார்கள், ஊர் திரும்பியதும் அந்த சிம் செத்துப்போகும். இல்லையென்றால் இங்கத்து சிம்மை வீட்டில் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், ரீசார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் எண் துண்டிக்கப்பட்டு கொஞ்ச காலத்தில் வேறு ஒருவருக்குப் போய்விடும். அப்புறம் உங்கள் ஓடிபி அவருடைய போனில் விழும். ஊர் மாறுகிறவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே எல்லாக் கணக்கிலும் எண்ணை மாற்றிவிட வேண்டும், மாற்றுவதற்கு ஓடிபி பழைய எண்ணுக்குத்தான் வரும்.

சிம்மைத் திருடுகிற வேலையும் நடக்கிறது. உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் உங்கள் போனில் நெட்வொர்க் திடீரென்று போகும். மலைப் பக்கம் நெட்வொர்க் போவது சாதாரணம் என்று விட்டுவிடாதீர்கள். அதே கம்பெனி சிம் வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அவருக்கு இருந்து உங்களுக்கு மட்டும் இல்லை என்றால் உடனே கம்பெனிக்கு அழைத்து எண்ணை முடக்கச் சொல்லுங்கள். புது சிம் போட்டதும் முதல் 24 மணி நேரம் அதில் எஸ்எம்எஸ் வராதபடி இந்தியாவில் விதி இருக்கிறது, அந்த அவகாசம் உங்களுக்குக் கிடைக்கும்.

ஜிமெயில் முடிந்ததும் இதே மாதிரி ஒவ்வொரு தளத்திலும் போடுங்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாக போனின் கைரேகையாலோ ஸ்கிரீன் லாக்காலோ நுழைகிற பாஸ்கீ வசதி தருகிற தளமாக இருந்தால் அதையே எடுங்கள், அது ஏன் மேல் என்று கீழே சொல்கிறேன்.

லாகின் எச்சரிக்கை மெயில் வந்தால் ஊர் பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம். களியக்காவிளையில் உட்கார்ந்து மொபைல் டேட்டாவில் நுழைந்தாலும் சென்னை என்றோ கொச்சி என்றோ காட்டலாம், இணைப்பு எங்கே போய்ச் சேருகிறதோ அந்த ஊர் பெயர் வரும். பார்க்க வேண்டியது நேரமும் பிரவுசரும். நீங்கள் தூங்குகிற நேரத்தில், உங்களிடம் இல்லாத பிரவுசரில் இருந்து என்றால் அது நீங்கள் இல்லை. அப்போதும் மெயிலில் இருக்கிற பொத்தானை அழுத்தாமல், தளத்தின் முகவரியை நீங்களே அடித்து உள்ளே போய்ப் பாருங்கள்.

இரண்டு கட்ட லாகின் தடுக்காத திருட்டு

நிறைய பேர் ஆதென்டிகேட்டர் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்து, இதில் மாட்டுகிறார்கள்.

கணக்கு திறந்து கொஞ்ச நாளே ஆகியிருக்கும், முதல் ஆர்டருக்காகக் காத்திருப்பீர்கள். ஒரு கிளையன்ட் வருவார், பெரிய வேலை, நல்ல சம்பளம், "விவரம் எல்லாம் இந்தக் கோப்பில் இருக்கிறது" என்று ஒரு ஜிப் அனுப்புவார், திறக்க பாஸ்வேர்ட் 1234 என்பார். ஜிப்புக்கு எதற்கு பாஸ்வேர்ட் என்று அங்கேயே நிற்க வேண்டும். பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸால் எட்டிப்பார்க்க முடியாது, பெரும்பாலும் அதற்காகத்தான் அது. உள்ளே பிடிஎஃப் படம் போட்ட ஒரு கோப்பு இருக்கும். விண்டோஸ் சாதாரணமாகக் கோப்பின் கடைசிப் பகுதியை மறைத்தே காட்டும் என்பதால் உங்களுக்குத் தெரிவது ஒன்று, உண்மையில் இருப்பது இன்னொன்று:

```
Project_Brief.pdf        (திரையில் தெரிவது)
Project_Brief.pdf.exe    (உண்மையான பெயர்)
```

விண்டோஸ் 11 என்றால் கோப்புறையைத் திறந்து View, அதற்குள் Show, அதற்குள் File name extensions என்பதை இப்போதே டிக் செய்துவிடுங்கள். கடைசியில் .exe, .scr, .lnk என்று முடிகிற எதுவும் டிசைன் விவரமாக இருக்க முடியாது.

அதைத் திறந்தால் திரையில் ஒன்றுமே நடக்காது. "கோப்பு கெட்டுப்போயிருக்கிறது போல" என்று நினைப்பீர்கள். அதற்குள் உங்கள் பிரவுசர் சேமித்து வைத்திருக்கிற செஷன் குக்கீ போயிருக்கும். ஒருமுறை லாகின் செய்த பிறகு தளம் உங்களை மறுபடி மறுபடி கேட்காமல் இருப்பது இந்த குக்கீயால்தான். திருடன் அதைத் தன் பிரவுசரில் போட்டால் பாஸ்வேர்டும் இல்லை, ஓடிபியும் இல்லை, நேராக உள்ளே வந்து நிற்பான்.

இன்னொரு வழி போலி லாகின் பக்கம். தளத்தின் உதவிக் குழு மாதிரி செய்தி வரும், லிங்க் இருக்கும், பக்கம் அச்சு அசலாக இருக்கும், நீங்கள் பாஸ்வேர்டையும் ஆதென்டிகேட்டர் எண்ணையும் அடித்ததும் அந்த 30 நொடிக்குள் அங்கே ஒரு நிரல் உண்மையான தளத்தில் அதை அடித்துவிடும். பாஸ்கீ மேல் என்று சொன்னது இதற்காகத்தான். அது உண்மையான முகவரியோடு கட்டப்பட்டது, போலி முகவரியில் வேலையே செய்யாது. ஆனால் குக்கீ திருட்டை பாஸ்கீயும் தடுக்காது, அதற்குக் கோப்பைத் திறக்காமல் இருப்பது மட்டும்தான் வழி. விவரத்தை கூகுள் டாக்கில் பகிரச் சொல்லுங்கள், இல்லையென்றால் மெசேஜிலேயே எழுதச் சொல்லுங்கள். உண்மையான கிளையன்டுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை.

பேச்சை உள்ளேயே வையுங்கள்

"டெலிகிராமில் வா", "வாட்ஸ்அப் நம்பர் கொடு" என்பது முதல் மெசேஜிலேயே வந்தால் அது மோசடியாக இருக்க வாய்ப்பு அதிகம், மோசடி இல்லாவிட்டாலும் கணக்குக்கு ஆபத்து. அப்வொர்க்கில் ஒப்பந்தம் தொடங்குவதற்கு முன்னால் வெளித் தொடர்பு விவரம் பகிரக்கூடாது. ஃபைவர் இன்னும் கண்டிப்பு, தொடர்பு விவரத்தையும் வெளியே பணம் வாங்குவதைப் பற்றிய பேச்சையும் அது அனுமதிப்பதில்லை. அப்வொர்க்கில் சந்தித்த கிளையன்டிடம் 2 வருடம் வரைக்கும் தளத்துக்கு வெளியே பணம் வாங்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, வெளியே போக வேண்டும் என்றால் அதற்கென்று ஒரு கட்டணம் கட்டிப் போகலாம். கமிஷன் மிச்சம் என்று ஜீபேயிலோ பேபாலிலோ வாங்கினால், பணம் வராத அன்று புகார் சொல்லக் கூட உங்களுக்கு இடம் இருக்காது.

கிளையன்ட் கேட்டால் கோபப்படாமல் இவ்வளவு சொன்னால் போதும்: "தள விதிப்படி நான் இங்கேதான் பேச முடியும், கோப்பும் காலும் இங்கேயே வைத்துக்கொள்ளலாம், உங்களுக்கு எந்த நேரம் வசதி?" இந்தப் பதில் பதிவாகி இருப்பதே பின்னால் உங்களுக்குச் சாட்சி.

ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால் அதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. எழுத்தில் நன்றாகப் பேசுவேன், காலில் மெதுவாகத்தான் பேசுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அண்ணன் நிஜமாகவே கூட வேலை செய்கிறார் என்றால் அப்வொர்க்கில் ஏஜென்சி என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அவர் தன் பெயரில் தன் கணக்கு திறந்து அதில் சேரட்டும். அப்போது சார்ஜாவில் இருந்து வருகிற லாகின் அவருடைய லாகின்.

தாமதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது நம்ம மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் போனில் ஐந்து சதவீதம் சார்ஜ் இருந்தாலும் முதலில் போக வேண்டிய மெசேஜ் கிளையன்டுக்கு: என்ன ஆயிற்று, எவ்வளவு முடிந்திருக்கிறது, எந்தத் தேதிக்குள் வரும். ஃபைவரில் Resolution Center வழியாகவே தேதியை நீட்டிக்கக் கேட்கலாம். கெடு முடிவதற்கு முன்னால் கேளுங்கள். கெடு தாண்டிய பிறகு சொல்கிற காரணம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும், தாமதம் என்று பதிவானது பதிவானதுதான். வேலை முடிக்காமல் வெற்றுக் கோப்பை டெலிவரி செய்து நேரத்தைச் சமாளிக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம், அது விதிமீறல்.

தேன், சிப்ஸ், கிராம்பு விற்கிறவர்களுக்கு

அமேசானில் பொதுவாக ஒரே ஒரு பாஸ்வேர்டை பேக்கிங் செய்கிற பையனில் இருந்து கணக்குப் பார்க்கிறவர் வரைக்கும் எல்லாரும் வைத்திருப்பார்கள். Seller Central-இல் Settings போய் User Permissions என்பதில் ஆளுக்கொரு லாகின் கொடுக்கலாம், பையனுக்கு ஆர்டர் பக்கம் மட்டும் தெரிந்தால் போதும், வங்கி விவரம் உங்களைத் தவிர யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அவர் வேலையை விட்டுப் போகிற அன்றே அந்த லாகினை எடுத்துவிடலாம். ஆர்டர் குறைபாட்டு விகிதம் 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அங்கே விதி, அதாவது நூறு ஆர்டருக்கு ஒரு பாட்டில் ஒழுகினாலே அது எல்லைக்கோடு, அதனால் தேன் மூடிக்கு உள் சீல் போடாமல் அனுப்பாதீர்கள்.

அப்புறம் விளம்பர வாசகம். மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அதைச் சொல்லி விற்கலாம், ஆனால் வேறு இடத்துத் தேனுக்கு அந்தப் பெயரைப் போடக்கூடாது. "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்" என்று எழுதினால் லிஸ்டிங் தூக்கப்படுவதோடு போகாது, 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டமும் அந்த மாதிரி விளம்பரத்தைத் தடை செய்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றுகிற தேன் மகிமை வரிகளை அப்படியே ஒட்டாதீர்கள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் லேபிளில் படத்தில் வாசிக்கிற அளவுக்குத் தெளிவாக இருக்கட்டும்.

ஆகிவிட்டால் என்ன செய்வது

ஹேக் என்றால், சந்தேகப்படுகிற லேப்டாப்பை இணையத்தில் இருந்து துண்டித்துவிட்டு வேறு போனில் இருந்து தொடங்குங்கள். முதலில் ஜிமெயில் பாஸ்வேர்ட், அதோடு அந்த லேப்டாப் உட்பட மற்ற எல்லாக் கருவியில் இருந்தும் வெளியேற்றம். திருடிய குக்கீயைச் செல்லாக்காசு ஆக்குவது இந்த வெளியேற்றம்தான். அப்புறம் நிறைய பேர் பார்க்காத இடம்: கம்ப்யூட்டரில் திறந்த ஜிமெயில் Settings-இல் Filters and Blocked Addresses, Forwarding இரண்டும். தளத்தில் இருந்து வருகிற மெயிலை நேராகக் குப்பைக்கு அனுப்புகிற மாதிரி திருடன் ஒரு ஃபில்டர் போட்டிருப்பான், பணம் போகிற எச்சரிக்கை உங்கள் கண்ணிலேயே படாது. அதை அழித்த பிறகு தளத்துக்குப் போய் பாஸ்வேர்ட், பணம் எடுக்கிற வங்கி விவரம், புதிதாகச் சேர்ந்த பயனர்கள், எல்லாம் பாருங்கள். கோப்பைத் திறந்த லேப்டாப்பில் விண்டோஸைப் புதிதாகப் போடாமல் மறுபடி லாகின் செய்யாதீர்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள், cybercrime.gov.in-இலும் பதிவு செய்யுங்கள்.

முடக்கம் என்றால், மெயிலை இரண்டு தடவை படித்து எந்த விதி என்று கண்டுபிடியுங்கள். பிறகு ஒரே ஒரு பதில், எளிய ஆங்கிலத்தில், மூன்று பகுதியாக: என்ன நடந்தது, இப்போது என்ன சரிசெய்தேன், இனி என்ன ஏற்பாடு. அந்தக் கருங்கல் பெண் முதல் நாளே எழுதியிருக்க வேண்டியது இதுதான்: "இந்தத் தேதியில் வெளிநாட்டில் இருக்கும் என் சகோதரர் ஒரு காலுக்காக என் கணக்கில் விபிஎன் வழியாக நுழைந்தார். அது விதிக்கு எதிரானது. பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவியிலும் வெளியேறி, ஆதென்டிகேட்டர் போட்டிருக்கிறேன். கணக்கில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, பானில் தந்தை பெயர் விரித்து இருக்கிறது, இரண்டு ஆவணமும் இணைத்திருக்கிறேன். இனி நான் மட்டுமே பயன்படுத்துவேன். வீடியோ காலில் அடையாளம் காட்டத் தயார்."

நான் நுழையவே இல்லை, யாரோ செய்தார்கள் என்று எழுதாதீர்கள். லாகின் பதிவு அவர்களிடம் இருக்கிறது. பணத்துக்குக் கணக்கை மீட்டுத் தருகிறேன் என்று டெலிகிராமில் வருகிறவர்களிடம் ஆதாரை அனுப்பாதீர்கள், அது அடுத்த திருட்டு. பதில் வருகிற வரைக்கும் நடப்பு வேலைகளின் கோப்புகளை, உரையாடல்களை, டெலிவரி ரசீதுகளை ஒரு போல்டரில் தேதி போட்டுச் சேருங்கள், கூடுதல் ஆதாரம் கேட்டால் அன்றே அனுப்பலாம். அது வரைக்கும் வீட்டில் யார் பெயரிலும் இரண்டாவது கணக்கு திறக்க வேண்டாம்.